90 போர்வெல், 5 ஸ்பேர் மோட்டார், ஒரு கோடைக்காலம்

கேள்வி: தேவகோட்டையைச் சுற்றி ஊர்களுக்குத் தண்ணீர் தரும் 90 போர்வெல்களுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருக்கிறேன். எல்லாமே 5 எச்பி, மூணு பேஸ், ஒரே கம்பெனி சப்மெர்சிபிள் மோட்டார். எரிந்ததைத் தூக்கியதும் கையில் இருக்கும் ஸ்பேரை இறக்கிவிடுவோம். எரிந்தது மதுரைக்குப் போய்க் காயில் கட்டி வந்தால் அது ஸ்பேராகிவிடும். இப்படி 5 சுற்றுகிறது. மழைக்காலத்தில் சிக்கல் இல்லை. ஏப்ரல் வந்துவிட்டால் எப்போதும் ஒன்றிரண்டு ஊர் மோட்டாருக்குக் காத்துக் கிடக்கிறது. லாரித் தண்ணீர் ஊருக்கு ஒரு நாளைக்கு 2,500 ரூபாய், என் தலையில். பத்துக்கு ஒன்று கணக்கில் 9 வை என்கிறார் என் கூட்டாளி. காயில் கட்டுகிறவரோ மூன்றே நாள் வேலை, 5 எதற்கு என்கிறார். யார் சொல்வது சரி ஐயா? போன வருடப் பதிவேட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: பதிவேட்டை அனுப்பினீர்களே, அதுதான் பெரிய உதவி. அது இல்லாவிட்டால் நானும் உங்கள் கூட்டாளி மாதிரி ஒரு சதவீதத்தைச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

பத்துக்கு ஒன்று என்பதை முதலில் தள்ளி வைத்துவிடலாம். தண்ணீர் நன்றாக ஊறுகிற, கரண்ட் ஒழுங்காக வருகிற ஊரில் 90 மோட்டாரில் வருடத்துக்கு 9 எரியலாம். உங்கள் பக்கம் 45 எரிந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் போரின் எண்ணிக்கை ஒன்றுதான். அதனால் எத்தனை மோட்டார் பூமிக்குள் இருக்கிறது என்பதை வைத்து ஸ்பேரைத் தீர்மானிக்க முடியாது. பார்க்க வேண்டியவை இரண்டுதான்: மாதத்துக்கு எத்தனை எரிகிறது, எரிந்த ஒன்று திரும்ப ஸ்பேராக நிற்க எத்தனை நாள் ஆகிறது. இந்த இரண்டையும் பெருக்கினால், எந்த ஒரு நாளிலும் சராசரியாக எத்தனை மோட்டார் வெளியே அலைந்துகொண்டிருக்கும் என்பது தெரிந்துவிடும். ஸ்பேர் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பம்.

காயில் கட்டுகிறவர் சொல்லும் மூன்று நாளும் பொய்யில்லை. தண்ணீர் நிரப்பிய மோட்டாரில் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஸ்லாட்டுக்குள் ஒவ்வொரு சுற்றாகக் கையால் இழுக்க வேண்டும், ஊசியில் நூல் கோர்ப்பது போல. பழைய காயிலைப் பிடுங்கிச் சுத்தம் செய்து, புதிதாகக் கட்டி, தண்ணீரில் ஊறவைத்துச் சோதிக்க மூன்று நாள் நியாயமான கணக்கு. ஆனால் அது அவருடைய பட்டறை மேஜையில் நடக்கும் வேலைக்கான நாள். உங்களுக்கு வேண்டியது வேறு. போரிலிருந்து தூக்கிய தேதியில் தொடங்கி, சோதித்து முடித்து உங்கள் ஷெட்டில் “தயார்” என்று நிற்கும் தேதி வரை எண்ண வேண்டும். அப்படி எண்ணிப் பார்த்தேன். சாதாரண மாதங்களில் சராசரி 20 நாள் வருகிறது. ஏப்ரல், மே, ஜூனில் 30 நாள்.

எரிந்ததையும் அதே போலப் பிரித்தேன். கோடை மூன்று மாதத்தில் 18, அதாவது மாதத்துக்கு 6. மீதி ஒன்பது மாதத்தில் 27, மாதத்துக்கு 3. நீர்மட்டம் இறங்கி மோட்டார் காற்றில் ஓடுவதும், எல்லாரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டு வோல்டேஜ் விழுவதும் அந்த மாதங்களில்தானே.

முதலில் சாதாரண மாதங்களை எடுத்துக்கொள்வோம். 30 நாளைக்கு 3 எரிகிறது, திரும்பி வர 20 நாள். ஆக, சராசரியாக 2 மோட்டார் வெளியே இருக்கும். சரி, அப்படியானால் 2 ஸ்பேர் போதும் என்று தோன்றும். போதாது. சராசரி 2 என்றால் சில நாள் ஒன்றுமே வெளியே இருக்காது, சில நாள் நாலு இருக்கும். மோட்டார் நாள் பார்த்து வரிசையாக எரிவதில்லை. ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு அடுத்த வாரம் மூன்று எரியும். 2 ஸ்பேர் மட்டும் வைத்திருந்தால், ஒரு மோட்டார் எரியும்போது ஷெட்டில் கைக்கு ஒன்று கிடைக்கும் வாய்ப்பு 41 சதவீதம்தான். 3 வைத்தால் 68. 4 வைத்தால் 86. 5 வைத்தால் 95. மழைக்காலத்தில் சிக்கல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சதவீதங்கள் பாய்சான் கணக்கிலிருந்து வருகின்றன. சராசரி தெரிந்தால், தற்செயலாக நடப்பது எத்தனை தடவை நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் கணக்கு அது. கணினியில் விரிதாள் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
=POISSON.DIST(4,2,TRUE)
```

இதில் 2 என்பது வெளியே இருக்கும் சராசரி. 4 என்பது நீங்கள் வைக்க நினைக்கும் ஸ்பேரைவிட ஒன்று குறைவு. 5 ஸ்பேர் இருக்கும்போது வெளியே 4 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தானே கையில் ஒன்றாவது மிஞ்சும்? அதனால்தான் ஒன்றைக் கழிக்கிறோம். விடை 0.947 என்று வரும்.

இதில் ஒரு வசதி உண்டு. ஒரு மோட்டார் 12 நாளில் வருகிறது, இன்னொன்று 35 நாள் இழுக்கிறது என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. சராசரி நாள் சரியாக இருந்தால் கணக்கு நிற்கும். இதை நிறுவியவர் கோனி பாம் என்ற சுவீடன் தொலைபேசிப் பொறியாளர். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், எத்தனை லைன் வேண்டும் என்பது அவருடைய கவலை. பிறகு அமெரிக்க விமானப்படைக்கு, கழற்றிப் பழுதுபார்த்துத் திரும்ப மாட்டும் விமானப் பாகங்களை எந்தத் தளத்தில் எத்தனை வைப்பது என்று கணக்கிட்ட கிரெய்க் ஷெர்புரூக் 1968-ல் வெளியிட்ட முறையும் இதே அடித்தளத்தில்தான் கட்டியது. உங்கள் ஷெட்டுக்கும் அதுவே பொருந்தும்.

பொருந்தாத இடமும் உண்டு. ஒவ்வொரு மோட்டாரும் போன உடனே கவனிக்கப்படுகிறது, ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருப்பதில்லை என்பது பாமின் கணக்கில் அடிப்படை. பட்டறையில் கூட்டம் சேரும்போது அது உடைந்துவிடுகிறது. உங்கள் கோடைப் பக்கங்களில் நடந்திருப்பது அதுதான். எரிவது இரண்டு மடங்கு. அதே சமயத்தில் மதுரைப் பட்டறைக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் எரிந்த மோட்டார் வந்து குவிய, திரும்பி வரும் நாளும் ஒன்றரை மடங்கு. இரண்டும் சேர்ந்து பெருகுகின்றன. மாதம் 6, நாள் 30, ஆக வெளியே இருக்கும் சராசரி 2-லிருந்து 6-க்குப் போய்விடுகிறது. கூட்டம் இருக்கும்போது இந்தக் கணக்கு நிலைமையைக் கொஞ்சம் நல்லதாகவே காட்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிஜம் இதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

சராசரி 6 வெளியே இருக்க, கையில் 5 என்றால்? எரிகிற பத்தில் மூன்றுக்குத்தான் உடனே மாற்று மோட்டார் கிடைக்கும். எந்த நாளிலும் சராசரியாக ஒன்றரை ஊர் காத்திருக்கும். “எப்போதும் ஒன்றிரண்டு ஊர்” என்று நீங்கள் எழுதியதை வேறு யாராவது படித்திருந்தால் அலுப்பில் சொன்னது என்று நினைத்திருப்பார்கள். கணக்கும் அதையேதான் சொல்கிறது. மூன்று மாதத்துக்கு அது கிட்டத்தட்ட 137 ஊர்-நாள். 2,500 வீதம் மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் லாரிப் பில்லைக் கூட்டிப் பாருங்கள், அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

இப்போது கூட்டாளி சொல்லும் 9-ஐப் போட்டுப் பார்ப்போம். 85 சதவீதம் வருகிறது. 10 வைத்தால் 92. ஆக, அவர் சொன்ன எண் பெரிய தப்பில்லை, சொன்ன காரணம்தான் தப்பு. ஆனால் 9, 10 என்று வாங்கும் முன்னால் அந்த 30 நாள் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம். எனக்கு இந்த விஷயத்தில் பிடிவாதமான கருத்து உண்டு: ஸ்பேர் வாங்குவது கடைசி வேலை. நாளைக் குறைக்க முடிகிற வரைக்கும் குறைத்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் ஸ்பேர்.

உங்கள் பதிவேட்டில் மே மாதம் தூக்கிய ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்கிறேன். மே 4-ம் தேதி தூக்கியிருக்கிறீர்கள். 9-ம் தேதிதான் குட்டி யானையில் ஏறியிருக்கிறது, ஏனென்றால் மூன்று சேர்ந்தால்தான் வண்டி விடுவது உங்கள் வழக்கம். பட்டறையில் பிரித்துப் பார்த்து, “காயில் மட்டுமில்லை, த்ரஸ்ட் பேரிங்கும் போயிருக்கிறது, இவ்வளவு ஆகும்” என்று அவர் போன் செய்து, நீங்கள் சரி சொல்ல 12-ம் தேதி. அப்புறம் வரிசையில் 14 நாள். 26-ம் தேதி கையில் எடுத்து 29-ல் முடித்துவிட்டார், சொன்ன மூன்றே நாள். முடிந்த மோட்டார் பட்டறைச் சுவரோரம் ஐந்து நாள் நின்று, அடுத்த வண்டி போனபோது ஜூன் 3-ல் திரும்பியிருக்கிறது. முப்பது நாளில் மோட்டார் மேல் மனுஷன் கை பட்டது மூன்று நாள். மீதி 27-ம் அது சும்மா கிடந்த நாள். இதில் 14 நாள் அவர் பக்கம். 13 நாள் உங்கள் பக்கம்.

மூன்று சேரட்டும் என்று காத்திருப்பதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. கோடையில் ஐந்து நாளைக்கு ஒன்று எரிகிறது. மூன்று சேர, முதல் மோட்டார் பத்து நாள் நிற்கும், இரண்டாவது ஐந்து நாள், மூன்றாவது உடனே ஏறிவிடும், சராசரி ஐந்து. சாதாரண மாதத்தில் பத்து நாளைக்கு ஒன்று எரிவதால் அதே வழக்கம் சராசரியாகப் பத்து நாளைத் தின்கிறது. அதாவது உங்களுடைய 20 நாளில் பாதி வண்டி வாடகையை மிச்சம் பிடிப்பதிலேயே போகிறது. வாடகைச் சீட்டு கையில் வருவதால் அந்தச் செலவு கண்ணில் படுகிறது. ஷெட்டில் கிடக்கும் மோட்டாருக்கு யாரும் பில் தருவதில்லை. சாதாரண மாதத்தில் இதை விட்டுவிடுங்கள், 5 ஸ்பேர் தாங்கும். கோடையில் விடாதீர்கள்.

கோடைக்கு நான் சொல்வது: தூக்கிய மறுநாளே ஏற்றிவிடுங்கள், ஒற்றை மோட்டாராக இருந்தாலும் சரி. போகிற வண்டி அங்கே முடிந்து நிற்பதை ஏற்றிக்கொண்டு வரட்டும். அப்போது சுவரோரம் நிற்கும் ஐந்து நாளும் மூன்றாகும். விலை கேட்டுச் சம்மதம் சொல்லும் மூன்று நாளை, மார்ச்சிலேயே பட்டறைக்காரருடன் உட்கார்ந்து விலைப்பட்டியல் பேசி ஒழித்துவிடலாம்: காயில் இவ்வளவு, பேரிங் இவ்வளவு, புஷ் இவ்வளவு, ஒரு தொகைக்கு மேலே போனால் மட்டும் கேள். மிச்சம் அந்த 14 நாள் வரிசை. அதில் பட்டறைக்காரரை நெருக்கிப் பயனில்லை, அவருக்கும் கை இரண்டுதான். காரைக்குடியிலேயே இந்த வேலை தெரிந்த பட்டறைகள் உண்டு. ஒன்றைப் பார்த்துக் கோடைக்கு மட்டும் பாதியை அங்கே திருப்பிவிடுங்கள். இப்போதே இரண்டு மோட்டார் கொடுத்து வேலையைச் சோதித்துக்கொள்ளுங்கள், மே மாதம் புது ஆளைத் தேடக் கூடாது. வரிசை 14-லிருந்து 8 ஆனால் போதும். ஒரு நாள் ஏற்ற, எட்டு நாள் வரிசை, மூன்று நாள் வேலை, மூன்று நாள் திரும்பி வர. மொத்தம் 15.

அந்த 15-ஐக் கணக்கில் போடுங்கள். மாதம் 6, நாள் 15, வெளியே இருக்கும் சராசரி 3. இதற்கு 6 ஸ்பேர் வைத்தால் 92 சதவீதம். 30 நாள் இழுக்கும்போது 10 ஸ்பேர் கொடுத்த அதே 92. நாலு மோட்டார் வாங்கும் காசு மிச்சம் என்பதோடு நிற்கவில்லை விஷயம். 10 வைத்திருந்தால் ஜூலை முதல் மார்ச் வரை அதில் பாதி ஷெட்டில் கிடந்து தூசி தின்னும். நீர்மூழ்கி மோட்டார் சும்மா கிடப்பது நல்லதில்லை. உள்ளே தண்ணீர் வற்றினால் பேரிங் காய்ந்து ஷாஃப்ட் பிடித்துக்கொள்ளும். அவசரத்துக்கு எடுக்கும்போதுதான் சுற்ற மாட்டேன் என்று தெரியவரும்.

செலவும் பார்த்துவிடுவோம். கோடையில் எரியும் 18-ம் தனித்தனியாக மதுரை போவதாகவே வைத்துக்கொள்ளுங்கள், இப்போது போகும் 6 நடை 18 ஆகும். நடைக்கு 4,000 என்றாலும் கூடுதல் 48,000 ரூபாய். பாதி காரைக்குடிக்குப் போனால் அவ்வளவுகூட ஆகாது. இன்னொரு பக்கம் 137 ஊர்-நாள் ஐந்தாகக் குறையும். லாரிச் செலவு மூன்றரை லட்சத்திலிருந்து பத்துப் பதினைந்தாயிரத்துக்கு இறங்கும். நான் சொன்னதுபோல் கூட்டம் இருந்தால் கணக்கு கொஞ்சம் நல்லதாகக் காட்டும், அதனால் ஐந்து பத்தாகவோ பதினைந்தாகவோ ஆகலாம். ஆனாலும் வித்தியாசம் எங்கே போகும்?

இனி, உங்கள் பதிவேட்டில் நீங்கள் கவனிக்காத ஒன்று. உங்களிடம் சுற்றுவது 5 இல்லை, 4.

45 மோட்டார் போயிருக்கிறது, 41 திரும்பியிருக்கிறது. நாலுக்குக் காயில் கட்டிப் பயனில்லை. இரண்டில் ஸ்டாம்பிங் உருகியிருக்கிறது, மற்ற இரண்டில் ரோட்டாரும் ஷாஃப்டும் தேய்ந்துவிட்டன என்று குறிப்பு இருக்கிறது. அதில் மூன்றுக்குப் புதிது வாங்கியிருக்கிறீர்கள். ஜூன் கடைசியில் கழித்த நாலாவதற்கு வாங்கிய குறிப்பு இல்லை. யாரும் ஏமாற்றவில்லை, வெறும் மறதிதான். ஆனால் திரும்பி வரும் பாகங்களை நம்பி நடக்கும் எந்தக் கையிருப்பும் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் கரையும். சாமான் வாங்கி விற்கிற கடையில் சரக்கு தீர்ந்தால் அலமாரி காலியாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அலமாரி காலியாக இருந்தால் “பட்டறையில் இருக்கும்” என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

இதற்கு எளிய வழி, ஒவ்வொரு மோட்டாரின் உடம்பிலும் ஒரு எண்ணைப் பஞ்ச் அடித்துவிடுவது. ஸ்டிக்கர் வேண்டாம், பெயிண்ட்டும் வேண்டாம், பட்டறையில் கழுவும்போது இரண்டும் போய்விடும். பதிவேட்டில் எண்ணுக்கு ஒரு வரி. அது இன்று போரிலா, தூக்கிக் கிடக்கிறதா, பட்டறையிலா, தயாராக நிற்கிறதா என்று ஒரு கட்டம். மாதம் ஒருமுறை கட்டங்களைக் கூட்டினால் 95 வர வேண்டும், ஆறு ஸ்பேர் ஆனபின் 96. வராவிட்டால் அன்றைக்கே தேடலாம். எண் பஞ்ச் அடிப்பதில் இன்னொரு லாபம், பட்டறையில் மாறி வேறு யாருடைய கிழட்டு மோட்டாரோ உங்களுக்கு வந்து சேராது. ஒரே மோட்டார் எத்தனை தடவை காயில் கட்டப்பட்டது என்பதும் தெரியும். மூன்றாவது தடவையாக வருகிற மோட்டாரை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

வருடத்துக்கு நாலு கழியும் என்று இந்தப் பதிவேடே சொல்வதால், அந்த நாலைப் பராமரிப்புச் செலவில் ஆண்டுக்கணக்காக எழுதிவிடுங்கள். கழித்த அன்றே புதிது ஆர்டர் போக வேண்டும். ஆக, இப்போது நீங்கள் வாங்க வேண்டியது இரண்டு மோட்டார். விட்டுப்போன ஒன்று, கோடைக்கான ஆறாவது ஒன்று.

ஷெட்டில் நிற்பதெல்லாம் ஸ்பேர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதிவேட்டில் ஐந்து மோட்டார் இறக்கிய ஒரு மாதத்துக்குள் திரும்ப எரிந்திருக்கிறது. இப்படி ஒன்று எரிந்தால் தூக்குக் கூலி இரட்டிப்பு, அதே மோட்டார் இன்னொரு சுற்று வெளியே அலைகிறது, எரியும் எண்ணிக்கையும் நாளும் சேர்ந்தே ஏறுகின்றன. பட்டறையிலிருந்து வந்ததை அப்படியே “தயார்” வரிசையில் நிறுத்தாதீர்கள். ஒரு பேரலில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரைக் கேபிளோடு ஒரு நாள் முழுக்க முக்கி வையுங்கள். பிறகு 500 வோல்ட் மெகரை வைத்து, கேபிள் நுனிக்கும் உடம்புக்கும் நடுவே பாருங்கள். புதிதாகக் கட்டியது பல பத்து மெகா ஓம் காட்ட வேண்டும். 20-க்குக் கீழே காட்டினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன். முக்காமல், காய்ந்த மோட்டாரில் மெகர் வைத்துப் பார்ப்பது பாதிச் சோதனைதான். உறையில் ஊசிக்கண் அளவு ஓட்டை இருந்தாலும் காய்ந்திருக்கும்போது முள் நன்றாகவே ஏறும். அதோடு ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் வர வேண்டும். இந்த ஊறலில் ஒரு நாள் வீணாகப் போன மாதிரி தெரிந்தாலும், மேலே சொன்ன 15 நாளுக்குள் அடங்கிவிடும். திரும்பி வர மூன்று நாள் என்று தாராளமாகத்தான் போட்டிருக்கிறேன்.

ஸ்பேரால் தீராத ஒன்றும் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அக்டோபரில் ஒரே இரவில் மூன்று மோட்டார், மூன்றும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் லைன். இடியோ, ஒரு பேஸ் போனதோ தெரியவில்லை. பாய்சான் கணக்கு ஒவ்வொரு மோட்டாரும் தன் பாட்டுக்கு எரிகிறது என்று நினைத்துக்கொள்கிறது. ஒரே காரணத்தால் கூட்டமாக எரிவதை அது பார்ப்பதில்லை. அதற்கென்று ஸ்பேரை ஏற்றிக்கொண்டே போனால் எல்லையே இருக்காது. அந்த லைனில் இருக்கும் பேனல் போர்டுகளைத் திறந்து, ஒரு பேஸ் போனால் ஆஃப் செய்யும் ரிலே வேலை செய்கிறதா என்று பாருங்கள். மோட்டார் நிற்கிறதே என்று யாராவது ஒயர் போட்டு அதை ஷார்ட் பண்ணி வைத்திருப்பார்கள். ஊரில் தண்ணீர் விடுகிறவரைக் கேட்டால் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார். கோடையில் காற்றில் ஓடி எரிவதற்கும் அப்படித்தான், நீர்மட்டம் இறங்கினால் நிறுத்தும் டிரை ரன் காப்பு எத்தனை போரில் உயிரோடு இருக்கிறது என்று மார்ச்சுக்குள் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். மாதம் 6 எரிவது 5 ஆனாலே, 15 நாள் கணக்கில் வெளியே இருக்கும் சராசரி இரண்டரைக்கு இறங்கி 5 ஸ்பேரே 89 சதவீதம் கொடுத்துவிடும்.

கடைசியாக ஒப்பந்தப் புதுப்பிப்பு பற்றி. கடிதத்தின் ஓரத்தில், அடுத்த வருடம் சில போரை 7.5 எச்பியாக மாற்றும் பேச்சு இருப்பதாகக் குறித்திருக்கிறீர்கள். விலை சொல்லும் முன்னால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். இதே 90 போரில் 30 மட்டும் 7.5 ஆகி, எரிவதும் நாளும் இப்போது இருப்பதுபோலவே இருந்தால், சாதாரண மாதத்துக்கே 5 போதாது. 60 போருக்கு 4, 30 போருக்கு 3, மொத்தம் 7 வைத்தால்தான் இரண்டு பக்கமும் 95 சதவீதம் வரும். ஒன்றின் ஸ்பேரை இன்னொன்றுக்கு இறக்க முடியாதே. கம்பெனி மாறி, பம்ப் உட்காரும் ஃபிளாஞ்சோ ஷாஃப்ட் முனையோ பொருந்தாமல் போனாலும் இதே கதைதான், எச்பி ஒன்றாக இருந்தாலும். அந்தக் கூடுதல் இரண்டு மோட்டாரையும், கோடைக்கு அதற்கு மேல் வேண்டியதையும் உங்கள் விலையில் சேர்த்து எழுதுங்கள், அல்லது மாற்றுகிறவர்களே ஸ்பேரையும் சேர்த்து வாங்கித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.